ஒரு நிறுவனம் எந்தெந்த நாடுகளில் சம்பாதிக்கிறது: ஆண்டறிக்கையின் புவியியல் குறிப்பைப் படிக்கும் முறை

பெங்களூரின் பங்கு ஆய்வு அலுவலகங்களிலும் பெரிய நிறுவனங்களின் கொள்முதல் பிரிவுகளிலும் புதிதாகச் சேருபவர்களுக்கு முதல் மாதங்களில் அடிக்கடி வரும் வேலை ஒன்று உண்டு. ஒரு நிறுவனத்தின் பெயரைக் கொடுத்து, அது எந்தெந்த நாடுகளில் இயங்குகிறது, எந்த நாட்டிலிருந்து எவ்வளவு வருவாய் வருகிறது என்று ஓர் எக்செல் தாளில் நிரப்பித் தரச் சொல்வார்கள். பலர் நேராக நிறுவனத்தின் இணையதளத்துக்குப் போய், உலக வரைபடத்தில் புள்ளிகள் வைத்த பக்கத்தைப் பார்த்து எழுதிவிடுகிறார்கள். அந்த வரைபடம் வாடிக்கையாளரைக் கவர்வதற்காக வரையப்பட்டது. எந்தத் தணிக்கையாளரும் அதைச் சரிபார்த்துக் கையெழுத்திடுவதில்லை. தணிக்கைக்கு உட்பட்ட விடை, ஆண்டறிக்கையின் பின்பகுதியில், நிதிநிலை அறிக்கைக்கான குறிப்புகளுக்கு நடுவே, பெரும்பாலும் அரைப் பக்கத்துக்குள் அடங்கிவிடுகிறது. அந்த அரைப் பக்கத்தைத் தேடிப்பிடித்துப் படிக்கும் முறையையும், அதை வைத்து எதுவரை துணிந்து சொல்லலாம் என்பதையும் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: சரியான அறிக்கையை எடுத்தல்

இந்தியாவில் பட்டியலிடப்பட்ட நிறுவனம் என்றால் பிஎஸ்இ அல்லது என்எஸ்இ தளத்தில் அந்நிறுவனத்தின் பக்கத்திலேயே ஆண்டறிக்கை கிடைக்கும். அமெரிக்க நிறுவனம் என்றால் அந்நாட்டுப் பங்குச் சந்தை ஒழுங்காணையத்தின் `EDGAR` தளத்தில் `10-K` என்ற ஆண்டு அறிக்கையை எடுக்க வேண்டும். இந்திய ஆண்டறிக்கையில் நிதிநிலை அறிக்கைகள் இரண்டு தொகுதிகளாக இருக்கும்: தாய் நிறுவனத்துக்கு மட்டுமான தனி அறிக்கை ஒன்று, துணை நிறுவனங்களையும் சேர்த்த ஒருங்கிணைந்த அறிக்கை இன்னொன்று. நமக்கு வேண்டியது இரண்டாவது. இரண்டும் ஒரே ஆண்டறிக்கையில் இருக்கும்போது பிரிவுவாரித் தகவலை ஒருங்கிணைந்த அறிக்கையில் மட்டும் கொடுத்தால் போதும் என்று இன்ட் ஏஎஸ் 108 என்ற கணக்கியல் தரநிலையே அனுமதிக்கிறது. ஆகவே தனி அறிக்கையில் தேடிவிட்டு, இந்த நிறுவனம் நாடுவாரித் தகவல் தருவதில்லை என்று எழுதிவிடக் கூடாது. காலாண்டு முடிவுகளிலும் நாடுவாரிப் பட்டியல் பெரும்பாலும் இராது என்பதால் அங்கே நேரத்தைச் செலவிட வேண்டாம்.

பிடிஎஃப் கோப்பைத் திறந்து `geograph` என்று, சொல்லை முடிக்காமல், தேடுங்கள். அப்படித் தேடினால் அந்தச் சொல்லின் எல்லா வடிவங்களும் அகப்படும். கிடைக்காவிட்டால் `outside India`, `domicile` என்ற சொற்களைத் தேடலாம். முதலில் கிடைப்பவை நிர்வாகத்தின் விளக்கவுரையில் உள்ள வண்ணப் படங்களாக இருக்கும். அவற்றைக் கடந்து குறிப்புகள் வரை போக வேண்டும்.

இரண்டாம் படி: இரண்டு பட்டியல்களைப் பிரித்தறிதல்

புதியவர்கள் அதிகம் குழம்புவது இந்த இடத்தில்தான். பிரிவு என்ற தலைப்பின் கீழ் இரண்டு விதமான பட்டியல்கள் வரக்கூடும். முதலாவது, நிறுவனத்தை நடத்துபவர்கள் தொழிலை எப்படிப் பகுத்துப் பார்க்கிறார்களோ அதே பகுப்பில் வருவாயையும் இலாபத்தையும் காட்டுவது. இந்தப் பகுப்பு நாடுவாரியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எலக்ட்ரானிக் சிட்டியில் தலைமையகம் கொண்ட இன்ஃபோசிஸ், வங்கித் துறை, சில்லறை வணிகம், உற்பத்தித் துறை என்று வாடிக்கையாளரின் தொழிலை வைத்தே தன் பிரிவுகளை அமைத்திருக்கிறது.

இரண்டாவது பட்டியல் அப்படிப்பட்டதல்ல. நிறுவனம் தன் பிரிவுகளை எப்படி அமைத்திருந்தாலும், ஒரே பிரிவு மட்டுமே இருந்தாலும்கூட, தாயகத்திலிருந்து வந்த வருவாய் எவ்வளவு, வெளிநாடுகள் அனைத்திலிருந்தும் சேர்ந்து வந்தது எவ்வளவு என்று காட்ட வேண்டும் என இன்ட் ஏஎஸ் 108 இன் 33 ஆம் பத்தி கோருகிறது. குறிப்பிட்ட ஒரு வெளிநாட்டின் பங்கு பொருட்படுத்தத்தக்க அளவில் இருந்தால் அதைத் தனியே காட்ட வேண்டும். எந்த அடிப்படையில் வருவாயை நாடுகளுக்குப் பிரித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நீண்டகாலச் சொத்துகளையும் இதேபோலத் தாயகம், வெளிநாடு என்று பிரித்துக் காட்ட வேண்டும். விவரம் கையில் இல்லை, திரட்டும் செலவும் மிக அதிகம் என்றால் விலக்கு உண்டு. ஆனால் அதையும் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு நாட்டின் பங்கு 10 சதவீதத்தைத் தாண்டினால்தான் தனியே காட்டுவார்கள் என்று பலர் நம்புகிறார்கள். அந்தத் தரநிலையில் 10 சதவீதம் என்ற வரம்பு தனியே காட்டவேண்டிய தொழிற்பிரிவுகளுக்கும் பெரிய வாடிக்கையாளர்களுக்கும் சொல்லப்பட்டதே தவிர, நாடுகளுக்குச் சொல்லப்பட்டதல்ல. நாடு என்று வரும்போது எது பொருட்படுத்தத்தக்கது என்பதை நிறுவனமே முடிவு செய்கிறது. ஆகவே ஒரு நாடு பட்டியலில் இல்லை என்பதற்காக அதன் பங்கு 10 சதவீதத்துக்குக் கீழே என்று நாமாக முடிவுகட்ட முடியாது; நிறுவனம் தன் வாயால் அப்படிச் சொல்லியிருக்க வேண்டும்.

மூன்றாம் படி: இரண்டு பட்டியல்களையும் பொருத்திக் கணக்கிடுதல்

ஆப்பிள் நிறுவனத்தின் 2023 செப்டம்பர் 30 அன்று முடிந்த நிதியாண்டை எடுத்துக்கொள்வோம். இதைத் தேர்ந்ததற்குக் காரணம், அதன் தொழிற்பிரிவுகளே நிலப்பகுதிவாரியாக அமைந்திருப்பதால் இரண்டு பட்டியல்களையும் ஒன்றோடொன்று வைத்துச் சரிபார்க்க முடிகிறது. அந்த ஆண்டின் மொத்த விற்பனை 383,285 மில்லியன் டாலர். பிரிவுவாரியாக அது இப்படிப் பிரிகிறது:

```
அமெரிக்கக் கண்டங்கள்      162,560
ஐரோப்பா                  94,294
பெருஞ்சீனம்               72,559
ஜப்பான்                  24,257
ஏனைய ஆசிய பசிபிக்        29,615
மொத்தம்                 383,285
```

இதே குறிப்பில் சற்றுக் கீழே நாடுவாரிப் பட்டியல் வருகிறது. அதில் மூன்றே வரிகள்: அமெரிக்க ஐக்கிய நாடு 138,573; சீனா 72,559; மற்ற நாடுகள் 172,153. கூட்டினால் அதே 383,285.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாடுவாரிப் பட்டியலில் சீனாவுக்கு உள்ள எண்ணும் பெருஞ்சீனப் பிரிவின் எண்ணும் ஒன்றே. அடிக்குறிப்பைப் படித்தால் காரணம் தெரிகிறது: சீனா என்ற வரியில் ஹாங்காங்கும் தைவானும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அடிக்குறிப்பைப் படிக்காதவர் இந்த எண்ணைச் சீனப் பெருநிலத்தின் விற்பனை என்றே எழுதிவிடுவார்.

அடுத்து, அமெரிக்கக் கண்டங்களின் 162,560 இலிருந்து அமெரிக்க ஐக்கிய நாட்டின் 138,573 ஐக் கழித்தால் 23,987 மில்லியன் டாலர் மிஞ்சுகிறது. கனடா, மெக்சிகோ, பிரேசில் உள்ளிட்ட அக்கண்டங்களின் மற்ற நாடுகள் அனைத்துக்கும் சேர்த்த தொகை அது. இந்த எண் அறிக்கையில் எங்கும் அச்சிடப்படவில்லை. இரண்டு பட்டியல்களைச் சேர்த்துப் படித்ததால் கிடைத்தது. கழித்தது சரிதானா என்று பார்க்கவும் வழி இருக்கிறது. இந்த 23,987 உடன் ஐரோப்பா, ஜப்பான், ஏனைய ஆசிய பசிபிக் ஆகிய மூன்று பிரிவுகளையும் கூட்டினால், மற்ற நாடுகள் என்ற வரியில் உள்ள 172,153 துல்லியமாக வருகிறது. இப்படிப் பொருந்தினால் இரண்டு பட்டியல்களும் ஒரே அடிப்படையில் தயாரிக்கப்பட்டவை என்று நம்பலாம். பொருந்தாவிட்டால் அடிப்படை வேறுபடுகிறது, அல்லது ஒரு பட்டியலில் எந்தப் பிரிவிலும் சேராத தொகை ஒன்று ஒளிந்திருக்கிறது என்று பொருள். அப்போது கழித்துக் கிடைத்த எண்ணைத் தாளில் ஏற்றக் கூடாது.

இந்தியாவின் பங்கு எவ்வளவு என்பதுதான் இங்கே எல்லோரும் கேட்கும் கேள்வி. ஏனைய ஆசிய பசிபிக் என்ற வரியில்தான் இந்தியா இருக்கும் என்று யாரும் நினைப்பார்கள். ஆனால் பிரிவுகளின் விளக்கத்தைப் படித்தால், ஐரோப்பா என்ற பிரிவில் ஐரோப்பிய நாடுகளோடு இந்தியா, மத்தியக் கிழக்கு, ஆப்பிரிக்கா ஆகியவையும் அடக்கம் என்று ஆப்பிள் தெளிவாக எழுதியிருக்கிறது. பிரிவின் பெயர் நிர்வாக வசதிக்காக வைத்தது. அதன் எல்லை நிலப்படத்தின் எல்லையோடு பொருந்த வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை. ஆகவே எந்த நிறுவனமானாலும், பிரிவின் பெயரைப் பார்த்தவுடன் எண்ணை எழுதாமல், அந்தப் பெயரின் கீழ் யாரெல்லாம் வருகிறார்கள் என்ற விளக்கத்தைத் தேடிப் படித்த பிறகே எழுதுங்கள்.

அப்படியானால் இந்தியாவைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது எது? அந்த ஆண்டில் அமெரிக்காவும் சீனாவும் மட்டுமே மொத்த விற்பனையில் 10 சதவீதத்தைத் தாண்டிய நாடுகள் என்று நிறுவனமே கூறியிருக்கிறது. 383,285 இல் 10 சதவீதம் என்பது ஏறத்தாழ 38,329. ஆகவே இந்தியாவின் விற்பனை அந்தத் தொகையைத் தாண்டவில்லை, அது ஐரோப்பியப் பிரிவின் 94,294 க்குள் அடங்கியிருக்கிறது. இவ்வளவுதான் இந்தக் குறிப்பு தரும் விடை. இதற்கு மேல் ஓர் எண் தேவை என்றால் வேறு ஆதாரம் தேட வேண்டும். தாளில் எண்ணுக்குரிய கட்டத்தில் மேல் வரம்பை மட்டும் எழுதி, தனி எண் வெளியிடப்படவில்லை என்று பக்கத்தில் குறிப்பதே நேர்மையான வேலை. மக்கள்தொகையை வைத்தோ கடைகளின் எண்ணிக்கையை வைத்தோ பிரித்துப் போட்டு ஓர் எண்ணை உருவாக்கினால், அது அடுத்த மேசைக்குப் போகும்போது உண்மைத் தகவலாகவே எடுத்துக்கொள்ளப்படும்.

நான்காம் படி: எந்த அடிப்படையில் நாடு தீர்மானிக்கப்பட்டது

நாடுவாரிப் பட்டியலுக்கு மேலோ கீழோ சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும். வருவாய், வாடிக்கையாளர் இருக்கும் இடத்தை வைத்துப் பிரிக்கப்பட்டதா, விலைப்பட்டியல் அனுப்பிய முகவரியை வைத்தா, சரக்கு போய்ச் சேர்ந்த இடத்தை வைத்தா, விற்ற துணை நிறுவனத்தின் இருப்பிடத்தை வைத்தா என்று அது சொல்லும். என் கருத்தில் அந்தக் குறிப்பிலேயே மிக முக்கியமான வரி இதுதான்.

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த கிருஷ்ணகிரிப் பெண் ஒருவர், என்விடியா நிறுவனத்தின் 2025 ஜனவரி 26 அன்று முடிந்த நிதியாண்டுப் பட்டியலைக் கொண்டுவந்து காட்டினார். மொத்த வருவாய் 130,497 மில்லியன் டாலர். அதில் சிங்கப்பூரின் பங்கு 23,684, அதாவது சுமார் 18 சதவீதம். தைவானையும் சீனாவையும்விட அதிகம். "அக்கா, அவ்வளவு சின்ன நாட்டுல இவ்வளவு சிப்பை வாங்கி எங்க வைப்பாங்க?" என்று அவர் கேட்டார். சரியான கேள்வி. விடை அந்த அறிக்கையிலேயே இருந்தது. அங்கே நாடு என்பது வாடிக்கையாளருக்கு விலைப்பட்டியல் அனுப்பும் முகவரி. பல வாடிக்கையாளர்கள் தங்கள் பில்களை எல்லாம் சிங்கப்பூரில் ஒருமுகப்படுத்துகிறார்கள், பொருள்கள் ஏறக்குறைய எப்போதும் வேறிடங்களுக்கே அனுப்பப்படுகின்றன, சிங்கப்பூருக்கு உண்மையில் அனுப்பப்பட்டவை மொத்த வருவாயில் 2 சதவீதத்துக்கும் குறைவு என்று நிறுவனம் எழுதியிருக்கிறது.

எல்லா நிறுவனங்களும் இப்படி விளக்கிச் சொல்வதில்லை. ஆகவே சிங்கப்பூர், அயர்லாந்து, நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து, ஐக்கிய அரபு அமீரகம் போன்ற இடங்கள் அவற்றின் அளவுக்குப் பொருந்தாத பெரிய தொகையோடு வந்தால் உடனே அடிப்படை வரியைத் தேடுங்கள். வெளிவட்டச் சாலை நெடுக உள்ள பன்னாட்டு நிறுவனங்களின் மென்பொருள் மையங்களுக்கும் இது பொருந்தும். வெளிநாட்டுத் தாய் நிறுவனத்துக்கு மட்டும் வேலை செய்யும் இந்தியத் துணை நிறுவனத்தின் தனிக் கணக்கில் வருவாய் முழுவதும் அந்த ஒரே நாட்டின் பெயரில் நிற்கும். அந்த மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது அதிலிருந்து தெரியாது.

ஐந்தாம் படி: எங்கே இயங்குகிறது என்பதைக் காணுதல்

விற்பனை நடக்கும் நாடும் நிறுவனம் இயங்கும் நாடும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இயங்கும் நாட்டுக்கு முதல் சான்று நீண்டகாலச் சொத்துகளின் பட்டியல். ஆப்பிளின் அதே ஆண்டுக் குறிப்பில் மொத்தம் 43,715 மில்லியன் டாலர் சொத்துகளில் அமெரிக்காவில் 33,276, சீனாவில் 5,778, மற்ற நாடுகளில் 4,661. விற்பனையில் அமெரிக்காவின் பங்கு 36 சதவீதம், சொத்தில் 76 சதவீதம். இந்தப் பட்டியலுக்கும் ஓர் எல்லை உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் ஐஃபோன் தயாராகும் ஆலை ஆப்பிளுடையதல்ல, ஒப்பந்த முறையில் தயாரித்துத் தரும் ஃபாக்ஸ்கான் நிறுவனத்துடையது. எனவே அந்த ஆலைக் கட்டடம் ஆப்பிளின் சொத்துப் பட்டியலில் வராது. ஒப்பந்த உற்பத்தி நடக்கும் நாடுகளை அறிய அறிக்கையின் தொழில் விளக்கப் பகுதியையும் இடர்களை விளக்கும் பகுதியையும் தனியே படிக்க வேண்டும். அங்கே இந்தியாவின் பெயர் இருக்கிறது.

இந்திய நிறுவனங்களில் இரண்டாவது சான்று, துணை நிறுவனங்களின் பட்டியல். ஒருங்கிணைந்த அறிக்கையின் குறிப்பில் ஒவ்வொரு துணை நிறுவனமும் எந்த நாட்டில் உள்ளது என்று இருக்கும். அதோடு 2013 ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 129(3) பிரிவின்படி `AOC-1` என்ற படிவம் இணைக்கப்பட்டிருக்கும். அதில் ஒவ்வொன்றின் நாணயம், சொத்து, விற்றுமுதல், இலாபம் எல்லாம் தனித்தனியே வரும். இன்னும் செயல்படத் தொடங்காதவை எவை, ஆண்டுக்குள் விற்கப்பட்டவை அல்லது மூடப்பட்டவை எவை என்பதும் அதன் அடியில் இருக்கும். பெயர் மட்டும் இருந்து வேலை நடக்காத நாடுகளை நீக்க இந்த வரிகள் மிகவும் உதவுகின்றன.

இதைப் பயன்படுத்தும் விதத்துக்கு ஒரு கற்பனைக் கணக்கு. பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு பம்பு நிறுவனம் இருப்பதாகவும், அதன் ஒருங்கிணைந்த வருவாய் 1,200 கோடி ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். புவியியல் குறிப்பில் இந்தியா 700, அமெரிக்கா 210, மற்ற நாடுகள் 290 என்று இருக்கிறது. படிவத்தில் அமெரிக்கத் துணை நிறுவனத்தின் விற்றுமுதல் 190, ஜெர்மனியினுடையது 85, துபாயினுடையது சுழியம். ஜெர்மனியில் 85 கோடி சம்பாதிக்கிறது என்று எழுதலாமா? கூடாது. அந்தத் துணை நிறுவனம் பிரான்சுக்கும் போலந்துக்கும் விற்றிருக்கலாம். குழுமத்துக்குள்ளேயே இன்னொரு நிறுவனத்துக்கு விற்றதும் அந்த 85 இல் சேர்ந்திருக்கலாம், ஏனெனில் படிவத்தில் உள்ள விற்றுமுதல் குழுமத்துக்குள் நடந்த விற்பனையைக் கழிக்காத எண். அதே காரணத்தால் இந்த எண்களைக் கூட்டி ஒருங்கிணைந்த வருவாயோடு ஒப்பிடவும் முடியாது. அமெரிக்காவில் குறிப்பு 210 என்றும் படிவம் 190 என்றும் சொல்வதால், பீன்யாவிலிருந்து நேரடி ஏற்றுமதியும் நடந்திருக்கக்கூடும் என்று ஊகிக்கலாம். தாளில் அதை ஊகம் என்றே எழுத வேண்டும். துபாயைப் பொறுத்தவரை நிறுவனம் பதிவாகியிருக்கிறது, விற்றுமுதல் இல்லை என்பது மட்டுமே நமக்குத் தெரிந்த செய்தி. ஆகவே தாளில் ஜெர்மனிக்கு நேராக "துணை நிறுவனம் இயங்குகிறது, நாட்டு வருவாய் தனியே வெளியிடப்படவில்லை" என்று எழுதுவது சரியாக இருக்கும்.

சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் தங்கள் வணிகப் பொறுப்பையும் நிலைத்தன்மையையும் பற்றிச் சமர்ப்பிக்கும் `BRSR` அறிக்கையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வெளிநாடுகளில் எத்தனை ஆலைகள், எத்தனை அலுவலகங்கள், எத்தனை நாடுகளில் விற்பனை, விற்றுமுதலில் ஏற்றுமதி எத்தனை சதவீதம் என்ற கேள்விகளுக்கு அதில் விடை இருக்கும். நாடுகளின் எண்ணிக்கையே கேட்கப்படுகிறது, பெயர்ப்பட்டியல் அல்ல. மேலும் அது தனி நிறுவன அடிப்படையில் எழுதப்பட்டதா, ஒருங்கிணைந்த அடிப்படையிலா என்பதை அதன் தொடக்கத்திலேயே சொல்லியிருப்பார்கள். தனி அடிப்படை என்றால் அந்த ஏற்றுமதிச் சதவீதத்தைப் புவியியல் குறிப்போடு ஒப்பிடக் கூடாது.

ஆறாம் படி: முந்தைய ஆண்டோடு வைத்துப் பார்த்தல்

ஒவ்வொரு குறிப்பிலும் சென்ற ஆண்டின் எண்ணும் பக்கத்திலேயே அச்சாகியிருக்கும். அதோடு நிறுத்தாமல், சென்ற ஆண்டின் அறிக்கையையும் திறந்து, அப்போது அச்சான அதே எண்ணைப் பாருங்கள். இரண்டும் வேறுபட்டால் நாடுகளைத் தொகுத்த விதம் மாறியிருக்கிறது, அல்லது விற்கப்பட்ட ஒரு தொழில் கணக்கிலிருந்து தனியே பிரிக்கப்பட்டிருக்கிறது. போன ஆண்டு தனி வரியாக இருந்த நாடு இந்த ஆண்டு காணாமல் போயிருந்தால் நிறுவனம் அங்கிருந்து வெளியேறிவிட்டது என்று எழுதாதீர்கள். முதலில் துணை நிறுவனப் பட்டியலில் அந்த நாடு இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே இருந்து, படிவத்தில் விற்றுமுதலும் இருந்தால், அதன் வருவாய் மற்ற நாடுகள் என்ற வரிக்குள் போயிருக்கிறது என்று கொள்ளலாம். தாளில் நாடு, தொகை, அடிப்படை, அறிக்கையின் பக்க எண் ஆகிய நான்கையும் ஒவ்வொரு வரியிலும் நிரப்புங்கள். அடிப்படை எழுதும் கட்டம் காலியாக இருக்கும் எந்த வரியையும் மேலதிகாரிக்கு அனுப்புவதற்கு முன் மறுபடி அறிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.